பேலன்ஸ் பழசாகவே நிற்கிறதா? எலெக்ட்ரம் வாலட்டில் சர்வர் மாற்ற மூன்று வழிகள்

பணம் அனுப்பியவர் "போய்விட்டது" என்கிறார். பிளாக் எக்ஸ்ப்ளோரரும் ஐந்து கன்ஃபர்மேஷன் காட்டுகிறது. உங்கள் வாலட்டில் மட்டும் நேற்றைய பேலன்ஸ்தான். பதறிப்போய் வாலட்டை அழித்துவிட்டு, சீட் சொற்களைத் தட்டி மறுபடி உருவாக்குபவர்கள் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. நாணயம் வாலட்டுக்குள் இல்லை, பிளாக்செயினில் இருக்கிறது. வாலட் அதைப் பார்க்கும் சர்வர்தான் பின்தங்கியிருக்கிறது. பார்க்கும் இடத்தை மாற்றினால் போதும்.

எப்படி மாற்றுவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. பிட்காயினுக்கான எலெக்ட்ரம் வாலட்டை எடுத்துக்கொள்கிறேன். சர்வரை வாலட்டே தேர்ந்தெடுக்க விடலாம், நாமே ஒன்றைக் கையால் தேர்ந்தெடுக்கலாம், அல்லது ஒரே ஒரு சர்வரோடு மட்டும் பேசச் சொல்லலாம். மூன்றும் ஒரே நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கீழே வலது மூலையில் உள்ள சின்ன வட்டத்தைச் சொடுக்கினால் அந்தப் பக்கம் திறக்கும். பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் கொஞ்சம் மாறும்.

முதலில், சர்வர் பின்தங்கியிருப்பது வாலட்டுக்கு எப்படித் தெரிகிறது? எலெக்ட்ரம் முழு பிளாக்செயினையும் இறக்குவதில்லை. பல சர்வர்களோடு தொடர்பு வைத்து, எல்லோரிடமும் பிளாக் ஹெட்டர்களை, அதாவது ஒவ்வொரு பிளாக்கின் சிறு தலைப்பை மட்டும் வாங்குகிறது. அவற்றில் ஒன்று முதன்மைச் சர்வர். உங்கள் முகவரிகளின் வரலாற்றை அதனிடம் மட்டும்தான் கேட்கிறது. கடைசி பிளாக்கின் எண்ணைத்தான் உயரம் என்கிறோம். மற்றவர்கள் சொல்லும் உயரத்தையும் முதன்மைச் சர்வர் சொல்லும் உயரத்தையும் கழித்துப் பார்க்கிறது. வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போனால், கீழ்ப்பட்டையில் `Server is lagging (6 blocks)` என்பது போல வரும். ஒரு பிளாக் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. புது பிளாக் எல்லா இடத்துக்கும் பரவச் சில நொடிகள் ஆகத்தானே செய்யும்.

ஆரம்பத்தில் சொன்ன ஆளின் வாலட்டையே எடுத்துக்கொள்வோம். Console தாவலில் `getinfo()` என்று தட்டினால் இப்படி வருகிறது என்று வையுங்கள் (தேவையான வரிகள் மட்டும்):

```
"auto_connect": false,
"blockchain_height": 900126,
"server_height": 900120,
"spv_nodes": 9
```

பணம் 900122-ஆம் பிளாக்கில் ஏறியிருக்கிறது. உலகம் 900126-இல் நிற்பதால் எக்ஸ்ப்ளோரர் ஐந்து கன்ஃபர்மேஷன் காட்டுகிறது. முதன்மைச் சர்வரோ 900120-இலேயே நின்றுவிட்டது. அதைப் பொறுத்தவரை அந்த பிளாக் இன்னும் பிறக்கவே இல்லை. `auto_connect` என்பது `false`, அதனால் வாலட்டுக்கு விஷயம் தெரிந்தும் சர்வரை மாற்றவில்லை.

இதே ஆள் தானியங்கித் தேர்வில் இருந்திருந்தால் அநேகமாக இந்தச் சிக்கலைக் கவனித்திருக்கவே மாட்டார். இரண்டு பிளாக் பின்தங்கியதுமே, சரியான உயரத்தில் இருக்கும் வேறொரு சர்வருக்கு வாலட் தானாகத் தாவிவிடும். எனவே, இயல்பு அமைப்பான இதை மாற்றக் காரணம் இல்லாதவர்கள் அப்படியே விட்டுவிடுவது நல்லது. பேலன்ஸ் பழசாக நிற்கிறது என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வதும் இதைத்தான்: எப்போதோ ஒரு சர்வரைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்திருக்கிறீர்களா?

தானியங்கித் தேர்வுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அது பிளாக் உயரத்தை மட்டும்தான் பார்க்கிறது, மெம்பூலைப் பார்ப்பதில்லை. பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் குவியல்தான் மெம்பூல். பிட்காயின் நெட்வொர்க்கில் ஓடும் ஒவ்வொரு கணினியும், அதாவது ஒவ்வொரு நோடும், அதைத் தன் வசதிப்படி வைத்திருக்கிறது. பிட்காயின் கோர் என்ற நோடு மென்பொருளில் இயல்பாக 300 எம்பி வரைதான் இடம். நிரம்பினால் கட்டணம் குறைந்தவற்றைத் தள்ளிவிடும், 14 நாள் ஆனாலும் தூக்கிவிடும். ஆக, உயரம் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு சர்வரிடம்கூட உங்கள் பரிவர்த்தனை இல்லாமல் போகலாம். தானியங்கித் தேர்வுக்கு இது பின்தங்கலாகவே படாது.

கையால் தேர்ந்தெடுப்பது உதவும் இடம் இதுதான். நெட்வொர்க் பக்கத்தில் சர்வர் பட்டியல் இருக்கும். வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் `Synchronizing...` என்று கொஞ்ச நேரம் ஓடி, வரலாறு புதிதாக வந்து சேரும். பெயரை நீங்களே தட்டுவதானால் கடைசியில் போர்ட் வேண்டும். எஸ்எஸ்எல் இணைப்புக்கு வழக்கமாக 50002.

அனுப்பிய பணம் சிக்கி நிற்கும்போது சர்வரை மாற்றினால் ஒரு விசித்திரம் நடக்கும். அதுவரை `Unconfirmed` என்றிருந்த பரிவர்த்தனை திடீரென்று `Local` ஆகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. புதுச் சர்வருக்கு அதைப் பற்றித் தெரியவில்லை, உங்கள் வாலட்டில் மட்டும் பிரதி இருக்கிறது என்று அர்த்தம். அதைத் திறந்து `Broadcast` பொத்தானை அழுத்துங்கள். கையெழுத்திட்ட அதே பரிவர்த்தனையை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறைதான் செல்லும். புதுச் சர்வர் ஏற்றுக்கொண்டால் மறுபடி `Unconfirmed` ஆகிவிடும். கட்டணம் போதவில்லை என்று மறுத்தால், சிக்கல் சர்வரில் இல்லை, கட்டணத்தில்தான். பட்டியலில் உள்ள எல்லாச் சர்வரையும் மாற்றிப் பார்த்தாலும் பலன் இருக்காது. கட்டணத்தை உயர்த்தி அனுப்ப வேண்டியதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. `Local` என்று காட்டுகிறதே, போகவில்லை போலிருக்கிறது என்று அதை நீக்கிவிட்டு, வேறு நாணயங்களிலிருந்து புதிதாக அனுப்பிவிடாதீர்கள். பழையது ஏற்கெனவே வேறு நோடுகளின் மெம்பூலில் இருக்கலாம். அப்படியானால் இரண்டுமே பிளாக்கில் ஏறி, பெறுபவருக்கு இரட்டிப்பாகப் போய்விடும். கட்டணத்தை உயர்த்தும் வசதி, அதே உள்ளீடுகளையே மறுபடி செலவழிக்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் செல்லும்.

கையால் தேர்ந்தெடுப்பதை மருந்தாகப் பயன்படுத்தலாம், வழக்கமாக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஏனென்றால் அந்தச் சர்வர் படுத்துவிட்டால் வாலட் வேறிடம் போகாது. `Not connected` என்று அங்கேயே நிற்கும், அல்லது மேலே பார்த்தது போலப் பின்தங்கலை மட்டும் அறிவித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் தானியங்கிக்குத் திரும்பிவிடுங்கள். இன்னொன்று, முகம் தெரியாத சர்வர் அனுப்பும் செய்தியை நம்பாதீர்கள். 2018 டிசம்பரில், பரிவர்த்தனையை அனுப்பும்போது "வாலட்டைப் புதுப்பியுங்கள்" என்று பிழைச் செய்தி போலக் காட்டி, போலி மென்பொருளுக்கு இழுத்துப் பணத்தைப் பறித்த சர்வர்கள் வந்தன. புதிய பதிப்புகள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டன. ஆனாலும் சர்வர் சொல்லும் இணைப்புக்குப் போய் எதையும் இறக்கக் கூடாது.

மூன்றாவது வழி, ஒரே சர்வர். இதில் ஹெட்டருக்காகக்கூட வாலட் வேறு யாரிடமும் பேசாது. இதைத் தேடுபவர்கள் பெரும்பாலும் தனியுரிமைக்காக வருகிறார்கள். அதில் நியாயம் உண்டு. முதன்மைச் சர்வர் உங்கள் எல்லா முகவரிகளையும் ஒன்றாகப் பார்க்கிறது. தானியங்கித் தேர்வு ஒவ்வொரு முறை தாவும்போதும் இன்னொருவருக்கு அந்தப் பட்டியல் போகிறது. ஹெட்டர் மட்டும் தரும் மற்ற சர்வர்களுக்கு உங்கள் ஐபி தெரியும், முகவரிகள் தெரியாது.

ஆனால் கழித்துப் பார்த்துத்தானே வாலட் பின்தங்கலைக் கண்டுபிடித்தது? ஒரே சர்வரோடு மட்டும் பேசினால் கழிக்க எதுவும் இல்லை. சர்வர் 900120 என்கிறது, வாலட்டும் 900120 என்று நம்புகிறது, வித்தியாசம் பூஜ்யம். எச்சரிக்கை வராது, வட்டம் பச்சையாகவே இருக்கும், பேலன்ஸ் மட்டும் பழசு. மூன்றில் இதுதான் ஆபத்தான தோற்றம். முன்பே வேறு சர்வர்களிடம் வாங்கிச் சேமித்த ஹெட்டர்கள் அதிக உயரத்தில் இருந்தால் மட்டும் எச்சரிக்கை வரும். 

ஓர் ஆறுதல் உண்டு. பின்தங்கிய சர்வர் வந்த பணத்தை மறைக்கலாமே தவிர, பிளாக்கில் ஏறாத பணத்தை ஏறியதாகக் காட்ட முடியாது. ஏறிய ஒவ்வொன்றுக்கும், அது அந்த பிளாக்கில் இருப்பதை நிரூபிக்கும் மெர்க்கிள் சான்றை வாங்கி ஹெட்டரோடு வாலட் சரிபார்க்கிறது. `Unconfirmed` என்று வருபவற்றுக்கு அந்தச் சான்று இல்லை.

அதனால், முன்பின் தெரியாத பொதுச் சர்வரை ஒரே சர்வராக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொந்தச் சர்வர் இருந்தால் அது வேறு கதை. பிட்காயின் கோரோடு எலெக்ட்ரெஸ் அல்லது ஃபுல்க்ரம் என்ற அட்டவணை நிரலையும் ஓட்ட வேண்டும். பழைய பிளாக்குகளை வெட்டிய நோடு இதற்கு உதவாது. முழு பிளாக்செயினுக்கே 600 ஜிபி-க்கு மேல் இடம் வேண்டும், அட்டவணைக்குத் தனி இடம். முதல்முறை எல்லாவற்றையும் இறக்கி அட்டவணைப்படுத்தி முடிக்கச் சாதாரணக் கணினியில் நாள்கணக்கில்கூட ஆகலாம். நாலு பரிவர்த்தனை செய்பவருக்கு இது அதிகப்படி என்றுதான் சொல்வேன்.

சொந்தச் சர்வர் என்றால் பின்தங்கலைக் கண்டுபிடிக்கும் வேலையும் உங்களுடையது. இரண்டு இடங்களில் தடங்கல் வரலாம்: நோடு, அட்டவணை நிரல். முதலில் நோடைக் கேளுங்கள்:

```
bitcoin-cli getblockchaininfo
```

இதில் `blocks` எண் `headers` எண்ணைவிடக் குறைவு என்றால் நோடு இன்னும் பிளாக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள். இரண்டும் சமமாக இருந்து, வாலட் காட்டும் `server_height` மட்டும் குறைவாக இருந்தால், நோடு சரி, அட்டவணை நிரல்தான் நின்றுவிட்டது. அதை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும். மூன்று எண்களும் சமமாக இருந்து, வெளி உலகம் முன்னால் போயிருந்தால் `bitcoin-cli getconnectioncount` தட்டுங்கள். பூஜ்யம் வந்தால் நோடு யாரோடும் தொடர்பில் இல்லை.

வெளி உலகத்தின் உயரத்தை அறிய எக்ஸ்ப்ளோரரின் முதல் பக்கத்தில் உள்ள கடைசி பிளாக் எண்ணே போதும். உங்கள் முகவரியை அங்கே தட்டினால் இவ்வளவு பாடுபட்டுக் காத்த தனியுரிமை போய்விடும். அப்படிப் பார்க்கும்போது அந்த பிளாக் எவ்வளவு நேரம் முன்பு வந்தது என்பதையும் கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது சராசரிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிளாக்கே வராத இடைவெளி கணக்குப்படி ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். அந்த நேரத்தில் எல்லாச் சர்வரும் ஒரே எண்ணில்தான் நிற்கும். எதை மாற்றினாலும் அடுத்த பிளாக் வரும்வரை கன்ஃபர்மேஷன் நகராது.