ஏழு வருடமாக வாங்கும் தீவனம், மார்ச் மாதம் வந்த பத்து மூட்டை

தீவனக் கம்பனி ஐயாமாருக்கு,

வணக்கம். நான் வத்தளை, ஹெந்தளைப் பக்கம் மாடு வளர்க்கிறவன். கறக்கிற மாடு நாலு, வற்றுக்கறவையில் ஒன்று, ஒரு கிடாரி. உங்கள் கறவைமாட்டுக் குச்சித் தீவனத்தை ஏழு வருடமாக வாங்குகிறேன். போன கிழமை ஹோமாகமவில் புதிதாக ரெண்டு மாடு வாங்கிய என் மச்சான் போன் எடுத்து, "அத்தான், நீங்கள் போடுற தீவனத்தையே நானும் எடுக்கட்டா?" என்று கேட்டார். உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் ஆட்களுக்குப் போனில் நாலு தரம் சொல்லியாயிற்று, எழுத்தில் சொன்னால் யாராவது ஒருவராவது முழுதாக வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது பொய்யில்லை. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து போட்ட காலத்தில் மாடு புண்ணாக்கைத் தேடித் தின்றுவிட்டுத் தவிட்டை ஊதித் தள்ளும். உங்கள் குச்சியில் அந்தத் தொல்லை இல்லை, தொட்டியை நக்கித் துடைத்துவிடும். 2022இல் டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில்கூட உங்கள் லொறி பிந்தியாவது வந்தது. அதை மறக்கமாட்டேன்.

இனி மார்ச் மாதக் கதை. மார்ச் 5 பத்து மூட்டை இறக்கினீர்கள், ஒவ்வொன்றும் 50 கிலோ. 6ஆம் தேதி காலை மகன் புது மூட்டையைப் பிரித்தான். அன்றைக்கு நாலு மாட்டிலும் சேர்த்து 41 லீற்றர். லட்சுமி 13, கறுப்பி 10, செவலை 10, சின்னத்தாய் 8. மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ வீதம் போடுவது, அதை மாற்றவில்லை. அடுத்த நாளே லட்சுமி தொட்டியில் கால்வாசியை மிச்சம் வைத்தாள். அவள் ஒருநாளும் மிச்சம் வைக்கிறவள் இல்லை. மூன்றாம் நாள் சாணம் இளகியது, அசைபோடுவது குறைந்தது. 11ஆம் தேதி மொத்தம் 29 லீற்றர். லட்சுமி 9, கறுப்பி 7, செவலை 7, சின்னத்தாய் 6. ஆறு நாளில் 12 லீற்றர் போய்விட்டது.

உங்கள் விற்பனைப் பிரதிநிதி தம்பி வந்து மூன்று காரணம் சொன்னார்: வெயில், மடிநோய், புல். மரியாதையான பிள்ளை, அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மூன்றையும் அவர் வருவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். மார்ச் வெயில் ஏழு வருடமும் இருந்தது, வெயிலுக்கு எங்கள் மாடு ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் குறையும், அதுவும் பின்னேரக் கறவையில்தான் கூடத் தெரியும். இந்த முறை காலைக் கறவையும் அதேயளவு விழுந்தது. மடிநோய் என்றால் பெரும்பாலும் ஒரு மாட்டுக்கு வரும், அந்த மாட்டிலும் ஒரு காம்பில், ரெண்டு காம்பில் வரும். நாலு மாடும் ஒரே கிழமையில் ஒன்றாகச் சேர்ந்து வற்றாது. இருந்தும் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுப் பதினாறு காம்பிலும் தட்டில் பாலைப் பீச்சி மருந்து ஊற்றிப் பார்த்தோம், ஒன்றிலும் பால் கட்டிப்படவில்லை. காய்ச்சலும் இல்லை. புல், முத்துராஜவெலக் கரையில் எப்போதும் அறுக்கிற அதே இடத்துக் கினிப்புல். தண்ணீர் அதே குழாய். எல்லா மாட்டுக்கும் பொதுவாக மாறியது ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் மூட்டை.

வற்றுக்கறவை மாட்டின் கொட்டிலில் பழைய லொறியில் வந்த ஒன்றரை மூட்டை தனியாகக் கிடந்தது. 12ஆம் தேதியிலிருந்து லட்சுமிக்கும் கறுப்பிக்கும் அந்தப் பழையதைப் போட்டேன். செவலைக்கும் சின்னத்தாய்க்கும் புதியதே. இதைச் சொல்ல எனக்கு மனம் கூசுகிறது, ஏனென்றால் அந்த ரெண்டு மாட்டையும் தெரிந்துகொண்டே மூன்று நாள் அந்தத் தீவனத்தில் விட்டேன். ஆனால் அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் நீங்கள் இன்றைக்கும் வெயில் என்றுதான் சொல்வீர்கள். 14ஆம் தேதி கணக்கு: லட்சுமி 10, கறுப்பி 8. செவலை ஆறரை, சின்னத்தாய் ஐந்தரை. அதே வெயில், அதே புல், அதே கை கறந்தது. பழையதைத் தின்றவை ஏறின, புதியதைத் தின்றவை இன்னும் இறங்கின.

அன்று பின்னேரம் நாலாவது மூட்டையை நானே பிரித்தேன். தையலுக்குக் கீழே, மூட்டையின் தோள்பட்டை மாதிரி இருக்கிற இடத்தில், தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு கட்டி. அதற்கு முந்திய மூட்டைகளிலும் சின்னச் சின்னக் கட்டிகள் இருந்ததாம், அழுத்தத்தில் இறுகியது என்று நினைத்து மகன் கையால் நசுக்கிப் போட்டிருக்கிறான். அந்த விடியற்காலை இருட்டில் யாருக்குத் தெரியும். நான் இதை வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பிட்டேன். உள்ளே குச்சி குச்சியாகவே இருக்கிறது, ஆனால் குச்சிக்கும் குச்சிக்கும் இடையில் சாம்பல் பச்சையில் பஞ்சு மாதிரிப் பூத்திருக்கிறது. ஊதினால் தூள் பறக்கிறது. மழையில் நனைந்த சாக்கை மாசக்கணக்கில் மூலையில் போட்டால் ஒரு மணம் வருமே, அது. மீதிக் கிடந்த மூட்டைகளையும் அதே இடத்தில் பிரித்துப் பார்த்தேன். ஏழில் ஐந்தில் கட்டி.

எங்கள் கொட்டிலில் நனைந்ததாக இருக்கலாம் என்று தம்பி சொன்னார். நனைந்த மூட்டையில் வெளியே கறை இருக்கும், அடியில் இருந்து ஏறும், சுவர்ப் பக்கமாக ஒரு புறம் மட்டும் இருக்கும். எங்களிடம் மூட்டை பலகைக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சாக்கு வெளியில் காய்ந்திருந்தது, கட்டி இருந்த ஐந்து மூட்டையிலும் அது மேற்பக்கத்தில், உள்ளே. என் கணிப்பைச் சொல்கிறேன். குச்சி இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வருகிறது, அதை நன்றாக ஆறவிட்டுத்தான் மூட்டை கட்ட வேண்டும். அவசரத்தில் சூட்டோடு கட்டினால் உள்ளே கிளம்பும் ஆவி மேலே ஏறிக் குளிர்ந்த இடத்தில் தண்ணீராகப் படியும். சோற்றுச் சட்டியை மூடினால் மூடியில் வேர்ப்பது மாதிரித்தான். ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினாலைத் தாண்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணத்துக்கு அது போதும். சோளமும் தேங்காய்ப் புண்ணாக்கும் உள்ள தீவனம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பால் குறைந்தது என் நட்டம், அதைப் பிறகு பேசலாம். என் நித்திரையைக் கெடுத்தது வேறு. அந்தப் பூஞ்சணங்களில் சிலது அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். மாடு தின்றால் அதில் ஒரு சிறு பங்கு வேறு உருவில் பாலுக்கு வந்துவிடும், ஒருநாளுக்குள்ளேயே வரும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. தீவனத்தை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பாலிலிருந்து குறைந்துவிடும். நான் பால் கொடுக்கிற வீடுகளில் கைக்குழந்தை உள்ள வீடு ரெண்டு இருக்கிறது. கட்டியைக் கண்ட அந்த நிமிடமே புதுத் தீவனத்தை நிறுத்தினேன். 15 தொடக்கம் 18 வரை நாலு நாள் கறந்த 120 லீற்றரையும் ஒருவருக்கும் கொடுக்காமல், கன்றுக்குக்கூட விடாமல், குழியில் கொட்டினேன். வீடு வீடாகப் போய் ஏன் பால் இல்லை என்று சொன்னேன். முந்திய ஒன்பது நாளும் கொடுத்ததை என்ன செய்வது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம், ஆனால் நீங்கள் அதைப் பரிசோதிக்கவில்லை.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். தம்பி கட்டி இல்லாத மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளி, பொலித்தீன் பையில் முடிந்துகொண்டு போனார். ரெண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது: புரதம் சரி, கொழுப்பு சரி, நார் சரி, ஈரம் சரி. ஐயா, நான் புரதம் குறைவென்று முறையிடவில்லையே. பூஞ்சண நஞ்சைப் பார்த்ததாக அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பார்த்திருந்தாலும் ஒரு பிடியில் என்ன தெரியும்? இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது, ஒரு மூலையில் நிறைய இருக்கும், பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. கட்டியை மட்டும் எடுத்தாலும் தப்பு, நல்லதை மட்டும் எடுத்தாலும் தப்பு. பல மூட்டையில், மேல் நடு அடி என்று எடுத்து, ஒன்றாகக் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்துப் பிரித்துக் குறைத்து ஒரு கிலோ வைக்க வேண்டும், அதுவும் கடதாசிப் பையில். பொலித்தீனில் அது இன்னும் வேர்க்கும். மிருக வைத்தியர் சொன்னபடி அப்படி ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பக் கேட்டிருக்கிறேன். தயாரிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியை நீங்களும் எடுத்து வைத்திருப்பீர்கள்தானே, அதை வெளியே எடுத்து நஞ்சுக்குப் பாருங்கள்.

அதற்குத்தான் உங்கள் அலுவலகப் பிள்ளை தயாரிப்பு இலக்கம் கேட்டார். ஏழு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறதே இதுதான். இலக்கத்தையும் திகதியையும் உள்ளங்கை அளவு சீட்டில் அடித்து அந்தச் சீட்டைத் தையலோடு சேர்த்துத் தைக்கிறீர்கள். மூட்டையைப் பிரிக்க நூலை இழுத்தால் முதலில் கிழிவது அந்தச் சீட்டு, கிழிகிற இடத்தில்தான் இலக்கம். விடிய நாலு மணிக்குக் கொட்டிலில் அதைப் பொறுக்கி யார் பத்திரப்படுத்துவது? முதல் மூன்று மூட்டையின் சீட்டும் சாணத்தோடு போய்விட்டது. மீதி ஏழையும் தையலுக்குக் கீழே கத்தியால் அறுத்துச் சீட்டைக் காப்பாற்றினேன், அதிலும் மை பரவி, கடைசி எழுத்து மூன்றா எட்டா என்று தெரியவில்லை. படம் பிடித்து அனுப்பினால் "தெளிவில்லை" என்று பதில் வருகிறது. தெளிவில்லாமல் அடித்தது நானா? சாக்கின் உடம்பிலேயே பெரிய எழுத்தில் அடியுங்கள். இதை 2019இலேயே உங்கள் பழைய பிரதிநிதியிடம் சொன்னேன், எழுதிக்கொண்டு போனார்.

கணக்கு இது. 28ஆம் தேதி வரைக்கும் வராத பால் ஏறக்குறைய 180 லீற்றர், கொட்டினது 120. வீட்டுக்கு 240 ரூபாவுக்குக் கொடுக்கிறேன், 72,000 ரூபா. தின்னாத ஏழு மூட்டை வேறு. லட்சுமி கன்று போட்டு ரெண்டு மாதம்தான், அவள் 12க்கு வந்துவிட்டாள், ஆனால் உச்சத்தில் அடிபட்ட மாடு அந்தக் கறவை முழுக்கப் பழைய அளவுக்கு ஏறுவது கஷ்டம். சின்னத்தாய் எட்டாம் மாதக் கறவை. அவள் ஆறிலேயே நிற்கிறாள், அடுத்த கன்று வரைக்கும் அவ்வளவுதான். அது இந்த 72,000இல் சேரவில்லை.

மச்சானுக்கு நேற்றுப் பதில் சொன்னேன், வாங்க வேண்டாம், தவிடும் புண்ணாக்கும் நீயே பார்த்து வாங்கிக் கலந்து போடு என்று. எனக்கு அடுத்த லொறியில் ஆறு மூட்டை போடுங்கள். பேலியகொடையில் வாங்கிய தவிட்டை மூன்று கிழமையாகப் போடுகிறேன், லட்சுமி ஊதித் தள்ளுகிறாள். ஆறையும் இறக்கும்போது உங்கள் ஆள் நிற்க வேண்டும், ஒவ்வொன்றையும் அவர் முன்னால் பிரிப்பேன், சீட்டை அவரே கையால் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மார்ச் மாதம் வந்ததில் மிஞ்சிய ஏழு மூட்டையும் கொட்டிலுக்கு வெளியே தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது, அதே லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.