சம்பளம் நின்ற பின் சம்பளக் கணக்கை அப்படியே விட்டுவைக்காதீர்கள்

வேலை மாறியவர்களும் வேலையை விட்டவர்களும் பழைய சம்பளக் கணக்கில் இரண்டாயிரமோ மூவாயிரமோ கிடக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தால், அந்தப் பணம் இப்போதும் அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் என் கணக்குக்கு நடந்ததை அதற்காகவே எழுதுகிறேன். வங்கியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே நடைமுறை வேறு வங்கிகளிலும் இருக்கலாம்.

கணக்கைத் திறந்தபோது குறைந்தபட்ச மீதி எதுவும் தேவையில்லை என்றார்கள். அது உண்மைதான். ஆனால் நிறுவனம் மாதாமாதம் சம்பளத்தை அந்த வங்கிக்கு அனுப்பும்வரைதான் அந்தச் சலுகை என்பதை யாரும் சொல்லவில்லை. சம்பள வரவு நின்று சில மாதங்களில் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றப்பட்டது. அந்த வகைக்கு 2,500 ரூபாய் குறைந்தபட்ச மீதி இருக்க வேண்டும். குறைந்தால் மாதம் 200 ரூபாய் கட்டணம். இந்த மாற்றத்தைப் பற்றி எனக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ வரவில்லை.

மாற்றம் நடந்தபோது என் மீதி 2,700 ரூபாய். எல்லைக்கு மேலேதான் இருந்தது. ஏப்ரலில் ஏ.டி.எம். அட்டையின் ஆண்டுக் கட்டணமாக 500 ரூபாயை வங்கியே எடுத்துக்கொண்டதில் அது 2,200 ஆனது. நான் ஒரு சதமும் எடுக்காத கணக்கு, வங்கியின் கட்டணத்தாலேயே எல்லைக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து மாதம் 200 வீதம் கழிந்து, அடுத்த பெப்ரவரியில் மீதி பூச்சியமானது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மார்ச், ஏப்ரல் மாதக் கட்டணங்களும் இரண்டாம் ஆண்டின் அட்டைக் கட்டணமும் சேர்ந்து 900 ரூபாய், கணக்குப் புத்தகத்தில் தெரியாத நிலுவையாக நின்றது. மே 21ஆம் திகதி மட்டக்களப்பிலிருந்து அண்ணா 5,000 ரூபாய் அனுப்பியபோது, அந்த 900 உடனே கழிக்கப்பட்டு என் கைக்கு 4,100தான் மிஞ்சியது.

அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தும் மே மாத முடிவில் மறுபடியும் 200 ரூபாய் கழிந்திருந்தது. கடைசி நாளில் 4,100 இருந்ததே என்று கேட்டால், அவர்கள் பார்ப்பது கடைசி நாளை அல்ல, மாதச் சராசரியை என்றார்கள். முதல் 20 நாட்கள் பூச்சியம், பின்னர் 11 நாட்கள் 4,100. மொத்தத்தை 31 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1,455தான் வருகிறது. வேறு சில கணக்குகளில் மாதத்தின் எந்த ஒரு நாளிலாவது எல்லைக்குக் கீழே போனாலே கட்டணம் விழும். அது இதைவிடக் கடுமையானது. ஆகவே எவ்வளவு மீதி வேண்டும் என்று மட்டும் கேட்பது போதாது, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். சராசரி முறையில் மாத முடிவில் அவசரமாகப் பணம் போடுவதால் பெரும்பாலும் பலனில்லை; மாதத் தொடக்கத்திலேயே போட்டுவைப்பதுதான் உதவும்.

கருமபீடத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சம்பளம் வராட்டி சிஸ்டமே மாத்திடும் சேர், நாங்க ஒண்டும் செய்யிறதில்ல" என்றார். சிஸ்டம் மாற்றுவதை வாடிக்கையாளருக்கு அறிவிப்பது யாருடைய வேலை என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. கடைசிச் சம்பளம் வந்தவுடனேயே, குறைந்தபட்ச மீதி கேட்காத அடிப்படைக் கணக்கு உங்கள் வங்கியில் உண்டா என்று கேட்டு, அதற்கு மாற்றும்படி எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத அட்டையையும் கட்டணமுள்ள குறுஞ்செய்திச் சேவையையும் அப்போதே நிறுத்திவிடுங்கள்; மீதியை எல்லைக்குக் கீழே தள்ளுபவை பெரும்பாலும் இவைதான். கணக்கே தேவையில்லை என்றால் சும்மா விடாமல் முறைப்படி மூடுங்கள், மூடுவதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு. பணம் ஏற்கெனவே கழிந்திருந்தால் முழுக் கணக்குக் கூற்றை வாங்கி, ஒவ்வொரு கழிப்பையும் குறிப்பிட்டுக் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிக்கு முதலில் முறையிட்டதற்கான பிரதி அங்கே கைகொடுக்கும்.

என் முறைப்பாட்டுக்குப் பிறகு முகாமையாளர் கடைசி மூன்று மாதக் கட்டணமான 600 ரூபாயை "நல்லெண்ண அடிப்படையில்" திருப்பிக் கொடுத்தார். மீதித் தொகைக்காக, கணக்கு மாற்றத்தை எந்தத் திகதியில், எந்த வழியில் எனக்கு அறிவித்தார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.