மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்தா, நம் நகையை வைத்துக் கொடுப்பதா?

போன மாதம் பெரம்பூரிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பக்கத்துக் கடையையும் எடுத்துப் பெரிதாக்க 5 லட்சம் தனிநபர் கடன் கேட்டிருக்கிறார், வங்கியில் ஷூரிட்டி வேண்டும் என்றார்களாம். "சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா. கட்டப்போறது நான்தானே" என்றார். என் மனைவிக்கு ஒரே தம்பி. முகத்துக்கு நேரே மறுக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டேன்.

அந்த இரண்டு நாளில் நாங்கள் எதிரெதிரே வைத்துப் பார்த்தவை மூன்று: ஜாமீன் போடுவது, கூட்டுக் கடன்தாரராகச் சேர்வது, எங்கள் நகையை வைத்து எங்களால் முடிந்த தொகையைக் கொடுப்பது. மூன்றையும் ஒரே கேள்வியால்தான் அளந்தோம். அவரால் கட்ட முடியாமல் போனால் எங்கள் வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு போகும், அது எங்களுக்கு எப்போது தெரியவரும்?

முதலில் எங்கள் கணக்கு. கொளத்தூரில் வாடகை வீடு. கைக்கு வருவது 52,000. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, அம்மாவின் மருந்து எல்லாம் போக மாதம் மிஞ்சுவது 7,000 ரூபாய். கடன் 5 லட்சம், வட்டி 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை 11,634. அவர் நிறுத்தி நான் கட்டத் தொடங்கினால் முதல் மாதமே 4,600 ரூபாய்க்கு மேல் துண்டு விழும்.

ஆனால் ஜாமீனில் பெரிய ஆபத்து இந்த 11,634 இல்லை. ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு அவர் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அசல் பாக்கி சுமார் 3,84,500. தவணை தவறி 90 நாள் தாண்டினால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்தும். பிறகு ஒப்பந்தப்படி கடன் முழுவதையும் ஒரே தடவையில் திருப்பிக் கேட்கலாம். மூன்று மாத வட்டியும் சேர்ந்து 4 லட்சத்தை ஒட்டி வரும். முதல் தவணை தவறிய வாரமே தெரிந்திருந்தால் 11,634 கட்டி நிறுத்தியிருக்கலாம். தெரியாமல் போனதால் அது 4 லட்சமாகிறது.

தெரியாமல்தான் போகும். பணம் எடுக்க முடியவில்லை என்ற எஸ்எம்எஸ் கடன் வாங்கியவர் போனுக்குத்தான் போகிறது. பல வருடங்களுக்கு முன் பெரியப்பா மகனுக்கு ஷூரிட்டி போட்டிருந்தேன். அவர் கட்டவில்லை என்பது எனக்குத் தெரிந்த விதம் இதுதான்: அதே வங்கியில் இருந்த என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு காலை பணத்தை எடுத்துக்கொண்டார்கள். கிளைக்கு ஓடினேன். நான் கையெழுத்துப் போட்ட பத்திரத்திலேயே அதற்கு அனுமதி இருந்தது. அன்று அதைப் படிக்காமல் போட்டிருந்தேன். அண்ணன் வேண்டுமென்று மறைக்கவில்லை, சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். அவர் வெட்கப்பட்ட அத்தனை மாதமும் பாக்கி ஏறிக்கொண்டே இருந்தது.

"முதலில் அவரிடம் கேளுங்கள், முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமம். வங்கி முதலில் கடன்தாரரைத் துரத்தி முடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. கட்டி முடித்தபின் அந்தத் தொகையை உறவினரிடம் கேட்டு வழக்குப் போடும் உரிமை நமக்கு உண்டு. மனைவியின் தம்பி மேல் யார் வழக்குப் போடுவது?

இன்னொன்று. ஜாமீன் போட்ட கடன் நம் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு நாங்கள் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அது கண்ணில் படும். அவர் தவறினால் எங்கள் ஸ்கோரும் அடிபடும்.

கூட்டுக் கடன்தாரராகச் சேர்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொறுப்பு ஜாமீனுக்குச் சமம்தான். கடன் நம் பெயரிலும் இருப்பதால் தவணையை நம் தவணையாகவே எண்ணி, நம் வீட்டுக்கடன் தகுதியைக் குறைப்பார்கள். ஒரே ஒரு நல்லது, கணக்கு விவரத்தை நாமே கேட்டு வாங்கலாம். அந்த வகையில் பார்த்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு ஜாமீன் போடுவதைவிட இது தேவலை என்பேன். ஆனால் 11,634 எங்கள் 7,000க்குள் அடங்காது என்பது மாறவில்லை.

மூன்றாவது வழியைச் சொன்னது என் மனைவி. "ஏங்க, என் ஆரத்தையும் வளையலையும் வெச்சு 2 லட்சம் குடுத்துடலாமே. அவனுக்கு நிஜமா எவ்வளவு வேணும்னு முதல்ல கேளுங்க." நகை அவளுடையது, தம்பியும் அவளுடையவன். அதனால் அந்த முடிவு அவளுடையதாகத்தான் இருக்க முடியும்.

சில வங்கிகள் நகைக்கடனை மாதத் தவணை முறையிலும் தருகின்றன. 2 லட்சம், 10 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் தவணை 6,453. மைத்துனர் ஒரு மாதம்கூடக் கட்டாமல் போனாலும் இது எங்கள் 7,000க்குள் மூச்சுமுட்ட அடங்கிவிடும். அதுவும் முடியாமல் போனால் நகையில் ஒரு பகுதியை விற்றுக் கடனை முடிக்கலாம். இழப்பு பெரியதுதான், ஆனால் அதன் எல்லை இன்றே தெரியும். அவர் பணத்தை எங்களுக்கு அனுப்புகிறார், நாங்கள் வங்கிக்குக் கட்டுகிறோம். ஆக, அவர் தவறிய அன்றைக்கே தெரிந்துவிடும். பெரியப்பா மகன் விஷயத்தில் எனக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

இதிலும் குறை இருக்கிறது. கடன் எங்கள் பெயரில், முதல் நாளிலிருந்தே. மூன்று வருடம் எங்களுக்கு அவசரம் வந்தால் வைக்க அந்த நகை இருக்காது. மிச்சமாகும் 7,000 மொத்தமும் ஒருவேளை அதற்கே போகலாம் என்பதால், அம்மாவின் மருத்துவத்துக்கென்று வைத்திருக்கும் 40,000ஐ இதில் தொடக்கூடாது என்று பேசிக்கொண்டோம்.

மைத்துனரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். 5 லட்சத்தில் பக்கத்துக் கடைக்கான அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், கருவிகளுக்கு 50,000. மீதி 3 லட்சம் புதுப் போன்களை வாங்கி அடுக்க. அதை இப்போதே வாங்கியாக வேண்டியதில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். வங்கி ஏன் ஷூரிட்டி கேட்டது என்று கேட்டேன். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை, வருமானத்தைக் காட்டும் காகிதம் இல்லை என்றார். அந்தக் காகிதம் இல்லாத இடத்தைத்தான் என் கையெழுத்தால் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குத் தாக்கல் செய்து, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் எடுத்துவிட்டு, மீதிக்கு அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கேட்கச் சொன்னேன். கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தருகிறார்கள்.

2 லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கினேன். எழுதும்போது அவர் முகம் கொஞ்சம் வாடியது. அக்காதான் தோளில் கைவைத்துச் சொன்னாள்: "கட்ட முடியாத மாசம் வந்தா 1ஆம் தேதியே சொல்லிடு. திட்ட மாட்டோம். சொல்லாம மட்டும் இருக்காதே."

இந்த மாதம் 3ஆம் தேதி காலையில் 6,453 ரூபாய் வந்தது.