பழைய மினி டிவி ஆவணப்படத்தை அப்ஸ்கேல் செய்தது: இரண்டாண்டு அனுபவம்

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 2003-இல் மினி டிவி எனப்படும் சிறிய டிஜிட்டல் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்ட 38 நிமிட ஆவணப்படம் ஒன்றை, இன்றைய திரைகளில் காட்டத்தக்க அளவுக்குப் பெரிதாக்கும் பொறுப்பு இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. அப்போது தேர்ந்தெடுத்த மென்பொருளை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். பட்டப்படிப்புத் திட்டமாக இதுபோன்ற வேலையை எடுக்க நினைக்கும் திரைப்பட மாணவருக்குப் பயன்படும் என்பதால், போட்ட திட்டத்தையும் அதில் மாறியவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் எந்த அளவுக்குப் பெரிதாக்குவது என்பதை முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டு மினி டிவி நாடாவில் இருப்பவை 576 வரிகள் மட்டுமே. அதை 1080 வரிகளாக்குவது இரண்டு மடங்குக்கும் குறைவு. 4கே என்றால் ஏறத்தாழ நான்கு மடங்கு. அங்கே திரையில் தெரியும் நுணுக்கத்தில் பெரும்பகுதி மென்பொருள் தானாக வரைந்ததாகவே இருக்கும். ஆவணப்படத்திற்கு அது பொருந்தாது என்று கருதி 1440 x 1080 அளவில் நிறுத்தி, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டேன்.

ஒதுக்கிய தொகை 25,000 ரூபாய். இரண்டு ஹார்டு டிஸ்குகளுக்கு 11,000, நாடாவை ஓட்டும் கேமரா வாடகைக்கு 3,000, மென்பொருளின் ஒரு மாத உரிமத்துக்கு 4,000, சிறிய அரங்கில் இரண்டு மணி நேரம் போட்டுப் பார்க்க 2,500 என்று பிரித்து, மீதி 4,500 ரூபாயை எதிர்பாராத செலவுக்கு வைத்தேன். கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி என்னிடமே இருந்தது. ஹார்டு டிஸ்குச் செலவைக் குறைக்க முடியாது. நாடாவிலிருந்து வரும் கோப்பு மணிக்கு 13 ஜிபிதான் என்றாலும், இறுதி மாஸ்டர் கோப்பு மட்டுமே ஏறத்தாழ 100 ஜிபி வந்தது. அதற்கு வேறிடத்தில் ஒரு நகலும் வேண்டும்.

எதிர்பாராத செலவு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. நாடாவைக் கணினிக்கு மாற்றித் தர ஒரு கடையில் 1,200 ரூபாய் கொடுத்தேன். அவர்கள் தந்த எம்பி4 கோப்பில், உப்பு வாரும் பெண்ணின் கை நகரும் இடமெல்லாம் இரண்டு கைகளாகத் தெரிந்தது. மினி டிவி படம் இன்டர்லேஸ் முறையில் பதிவாவது. ஒவ்வொரு பிரேமிலும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப்படங்கள் இருக்கும். அவற்றைப் பிரிக்காமல் கலந்து ஒன்றாக்கிவிட்டார்கள். அப்படிக் கலந்ததைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க இயலாது. ஆகவே கேமராவை வாடகைக்கு எடுத்து, ஃபயர்வயர் கம்பி வழியாக நாடாவில் உள்ள தரவை மாற்றமின்றி நானே இறக்கினேன். இயக்குநர் வீட்டிலிருந்த இன்னொரு பிரதியையும் இறக்கினேன். முதல் நாடாவில் சதுரக் கட்டங்களாகச் சிதைந்திருந்த நான்கு இடங்களை அதிலிருந்து நிரப்ப முடிந்தது.

அடுத்து, நாடாவிலிருந்து இறக்கிய master.dv கோப்புக்கு ffmpeg என்ற மென்பொருளில் இரண்டு கட்டளைகள் போதும். முதலாவது, அரைப்படங்களில் எது முன்னால் வருகிறது என்று எண்ணிச் சொல்லும். மினி டிவியில் பொதுவாகக் கீழ் அரைப்படம்தான் முதலில் வரும். இரண்டாவது, அவற்றைப் பிரித்து நொடிக்கு 50 முழுப் பிரேம்களாக்கும்.

```
ffmpeg -i master.dv -vf idet -frames:v 1000 -an -f null -
ffmpeg -i master.dv -vf bwdif=mode=send_field:parity=bff -c:v prores_ks -profile:v 3 -c:a copy base.mov
```

வரிசையைத் தவறாகக் கொடுத்தால் நடந்துபோகும் ஆள் ஒரு அடி முன்னும் ஒரு அடி பின்னுமாகத் துடிப்பார். ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். படத்தின் வடிவம் கெடுவதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. 720 x 576 புள்ளிகளைச் சதுரமாகக் கொண்டுவிட்டால் எல்லோரும் சற்று ஒல்லியாகிவிடுவார்கள், பார்ப்பவருக்கு உறுத்தாது. படத்தில் நேர்ப்பக்கமாகத் தெரிந்த ஒரு சைக்கிள் சக்கரத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து சரிபார்த்தேன்.

இனி சோதனைத் துண்டுகள். படத்தின் அழகான காட்சிகளை விட்டுவிட்டு, மென்பொருள் தடுமாறக்கூடியவற்றையே பத்து நொடி வீதம் ஐந்து எடுத்தேன்: வெயிலில் கண் கூசும் உப்பு அம்பாரம், நடுத்தூரத்தில் நிற்கும் ஒருவர் முகம், தமிழ்ப் பெயர்ப்பலகை, பாத்திகளின் மேல் நகரும் கேமரா, புள்ளிகள் நிறைந்த இரவுக்காட்சி. ஒவ்வொன்றையும் சாதாரணமாகப் பெரிதாக்கியும், மென்பொருளின் மிதமான அமைப்பிலும், வலுவான அமைப்பிலும் என மூன்று விதமாகச் செய்து, எது எதுவென்று தெரியாதபடி எண் கொடுத்தேன்.

வலுவான அமைப்பில் உப்பு அம்பாரம் மெழுகு பூசியதுபோல் ஆனது. பெயர்ப்பலகையில் நடந்தது அதைவிட மோசம். மூலத்தில் மங்கலாக இருந்தாலும் ‘உப்பளம்’ என்று வாசிக்க முடிந்த சொல்லில், ‘ப்’ மேலிருந்த புள்ளி மறைந்து, ‘ள’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு, கூர்மையாகத் தெரியும் ஆனால் எந்த மொழியிலும் இல்லாத ஒரு வடிவம் வந்தது. முகத்தைப் பற்றி முடிவு சொன்னவர் படத்தில் வரும் தொழிலாளி ஒருவரின் மகள். வலுவான அமைப்பில் செய்த துண்டைப் பார்த்துவிட்டு, “எங்க அப்பா மாதிரிதான் இருக்கு, ஆனா எங்க அப்பா இல்ல அண்ணாச்சி” என்றார். மூலத்தில் கண் இருக்கும் இடத்தில் நாலைந்து புள்ளிகள்தான் இருந்தன. இமையையும் கருவிழியையும் மென்பொருள் தானாக வரைந்திருந்தது. வலுவான அமைப்பை அன்றே முழுவதுமாக விட்டுவிட்டேன்.

தரச் சோதனைக்கு எண்களை நம்ப முடியாது. பிஎஸ்என்ஆர் போன்ற அளவீடுகளுக்கு ஒப்பிட ஒரு உயர்தர மூலம் வேண்டும், நம்மிடம் அது இல்லை. நான் செய்தது வேறு. பெரிதாக்கிய படத்தை மீண்டும் பழைய அளவுக்குச் சுருக்கி, மூலத்தின் மேல் வைத்து வேறுபாட்டை மட்டும் காட்டச் செய்தேன். புள்ளிப் புள்ளியாக இரைச்சல் மட்டும் தெரிந்தால் சரி. முகத்தின் ஓரமோ வாயின் கோடோ உருவமாகத் தெரிந்தால் மென்பொருள் வடிவத்தையே மாற்றியிருக்கிறது என்று பொருள். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சுருக்கும்போது நுண்ணிய கோடுகள் கரைந்துவிடுவதால், பொய்யாக வரைந்த இமையை இது காட்டிக்கொடுக்காது. அதற்கு அந்த மனிதரை அறிந்தவர் கண்தான் வேண்டும்.

முடிவில் மிதமான அமைப்பில் வந்ததையும் சாதாரணமாகப் பெரிதாக்கியதையும் ஏறத்தாழ சரிபாதியாகக் கலந்து, மேலே மெல்லிய கிரெயின் சேர்த்தேன். பெயர்ப்பலகைகளையும் தூரத்து முகங்களையும் சாதாரண முறையிலேயே விட்டேன். 1,14,000 பிரேம்கள், நொடிக்கு நான்கு வீதம், ஒரு முறை ஓடி முடிக்க ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஒலியைத் தொடவில்லை, முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் மண்வெட்டி படும் சத்தம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இரண்டு ஆண்டுகளில் தெரிந்த குறை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஒரு திரையிடலுக்காக மூன்று காட்சிகளை மட்டும் மாற்றிச் செய்தபோது, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருந்ததால், அதே அமைப்பில் தோலின் மென்மை வேறாக வந்து பக்கத்துக் காட்சிகளோடு ஒட்டவில்லை. முழுப்படத்தையும் மறுபடி ஓட்ட நேர்ந்தது. `base.mov` கோப்பை வைத்திருந்ததால் நாடாவைத் திரும்பத் தொட வேண்டியிருக்கவில்லை. இப்போது பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு காட்சிக்கும் கொடுத்த அமைப்பையும் ஒரு தாளில் எழுதி, ஹார்டு டிஸ்கிலேயே வைக்கிறேன். இயக்குநர் கேட்டுக்கொண்டபடி படத்தின் முடிவில் ஒரு வரியும் சேர்த்தோம்: “2003-இல் மினி டிவியில் பதிவான படம், மென்பொருள் கொண்டு பெரிதாக்கப்பட்டது. மூல நாடா மாற்றமின்றிப் பாதுகாக்கப்பட்டுள்ளது.”