காந்த மீன் பொம்மை: பெட்டியில் ஒட்டியிருக்கும் ‘1+’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு பொம்மைக் கடையில், அக்கா மகளுக்காகக் காந்தத் தூண்டில் மீன் விளையாட்டு வாங்கினேன். பிள்ளைக்கு ஒன்றரை வயது. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரம் இது: வயது 1+, முழுக்க மரம், 12 மீன், 2 தூண்டில், எடுத்து வைக்க மரப் பெட்டி. விலை 650 ரூபாய்.

பிரித்தால் 10 மீன்தான் இருந்தது. மரப் பெட்டியும் இல்லை. மரம் என்றது எம்.டி.எஃப். பலகை, பெயிண்ட் படாத விளிம்பில் மர ரேகைக்குப் பதில் அழுத்திய மரத்தூள்தான் தெரிந்தது. இதோடு போயிருந்தால் காசு போச்சு என்று விட்டிருப்பேன்.

ஒவ்வொரு மீனின் வாயிலும் மிளகு அளவில் ஒரு காந்தத்தைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நகத்தால் நெம்பியதும் ஒன்று கழன்று கையில் வந்தது. இரண்டாவது மீனிலும் அப்படியே. ஒரு காந்தத்தை விழுங்கினால் அது மலத்தோடு வெளியேறிவிடக்கூடும். இரண்டு போனால் கதையே வேறு. குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் குடல்சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். முதலில் லேசான வயிற்றுவலி, வாந்திதான் இருக்கும். அஜீரணம் என்று நினைத்துவிடுவோம். காந்தத்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், காந்தம் என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ‘1+’ என்பது தனியாக ஒட்டிய ஸ்டிக்கர். உரித்தால், அடியில் 0-3 என்று எழுதி, குழந்தை முகத்தின் குறுக்கே கோடு போட்ட வட்டம் அச்சாகியிருந்தது. மூன்று வயதுக்குக் கீழே தரக்கூடாது என்பதற்கான குறி அது. தயாரித்தவர் போட்ட எச்சரிக்கையை விற்கிறவர் மறைத்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தது, ஆனால் வெறும் படமாக. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு இந்த முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே IS 9873 என்ற தர எண்ணும் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை BIS Care செயலியில் போட்டால், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். என் பெட்டியில் மேலேயும் எண் இல்லை, கீழேயும் இல்லை.

திருப்பிக் கொண்டுபோனேன். “பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம்மா, எல்லாக் கடையிலயும் இதேதான் வருது” என்றார் கடைக்காரர். ஸ்டிக்கரைக் காட்டியதற்குப் பதிலே இல்லை. பில், வாட்ஸ்அப் விவரம், ஸ்டிக்கரின் படம் மூன்றையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.

அந்தப் பெட்டிகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. வேலூர், காட்பாடி பக்கம் இதே மாதிரி வாங்கியிருந்தால், பிள்ளை கையில் கொடுக்கும் முன் ஒவ்வொரு மீனின் வாயையும் நெம்பிப் பாருங்கள். ஒரு காந்தம் அசைந்தாலும் பெட்டியோடு எடுத்துவிடுங்கள். பசை போட்டு மறுபடி ஒட்டித் தராதீர்கள்.