ரேடியேட்டருக்கு எவ்வளவு கிளைக்கால்: சூத்திரமா, அட்டவணையா?

லே நகரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கவிருந்த ஒரு டீசல் ஜெனரேட்டருக்கு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை உறையாத கலவையை நான் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோ தண்ணீருக்கு எத்தனை கிராம் எத்திலீன் கிளைக்கால் தேவை என்பதை அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பள்ளியில் படித்த உறைநிலைத் தாழ்வுச் சூத்திரம். மற்றொன்று, அளந்து பார்த்துத் தொகுத்த உறைநிலை அட்டவணை. நான் அட்டவணையைத்தான் பின்பற்றினேன்.

சூத்திரம் எளிமையானது. 20-ஐத் தண்ணீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலியான 1.86-ஆல் வகுத்தால் ஒரு கிலோ தண்ணீருக்கு 10.75 மோல் என்று வரும். கிளைக்காலின் மூலக்கூறு எடையான 62-ஆல் அதைப் பெருக்கினால் ஏறத்தாழ 667 கிராம். அட்டவணையோ அதே வெப்பநிலைக்கு ஏறத்தாழ 600 கிராம் போதும் என்கிறது. மைனஸ் 5 டிகிரி போன்ற லேசான குளிருக்கு இரண்டும் ஒத்துப்போகின்றன; அந்த அளவில் சூத்திரத்தை நம்புவதில் தவறில்லை.

கூடுதலாக ஊற்றுவதால் பாதுகாப்புதானே கூடும் என்று தோன்றலாம். முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். கரைசல் நீர்த்ததாக இருக்கும்போது மட்டுமே சூத்திரம் பொருந்தும். கிளைக்கால் மிகுந்தால் அதன் மூலக்கூறுகள் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இறுகி, பனியாக மாறும் தண்ணீரைக் குறைத்துவிடுகின்றன. அதனால்தான் முதலில் சூத்திரம் சொல்வதைவிடக் குறைவான கிளைக்காலே போதுமானதாகிறது. ஆனால், எடையில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதத்தைத் தாண்டியதும் உறைநிலை மறுபடியும் ஏறத் தொடங்குகிறது. தூய கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஒரு கிலோ தண்ணீருக்கு 9 கிலோ கிளைக்கால் ஊற்றினால் மைனஸ் 270 டிகிரி என்று சூத்திரம் காட்டும். அந்த 90 சதவீதக் கலவை உண்மையில் மைனஸ் 30-ஐ ஒட்டியே உறைகிறது. திரும்பும் இடம் ஒன்று இருப்பதைச் சூத்திரத்தால் சொல்லவே முடியாது. மேலும், கிளைக்கால் கூடக் கூடக் கலவை வெப்பத்தைக் கடத்தும் திறன் குறைந்து, இன்ஜின் சூடேறுகிறது.

அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஐந்து டிகிரி விட்டு மைனஸ் 25-க்குரிய 740 கிராமைத் தேர்ந்தேன். ஜெனரேட்டரில் 10 கிலோ தண்ணீர் என்பதால் 7.4 கிலோ. கிளைக்காலின் அடர்த்தி 1.11 ஆகையால், லிட்டரில் அளந்தால் அது 6.7 லிட்டர்தான், எடையையும் கொள்ளளவையும் குழப்பினால் கணக்குப் பிசகும். கடையில் கிடைக்கும் கூலன்ட் ஏற்கெனவே தண்ணீர் கலந்ததா என்பதையும் டப்பாவில் பார்க்க வேண்டும்.

கலந்த பின், ஒளிவிலகலை வைத்து உறைநிலையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துச் சரிபார்த்தேன். புரொப்பிலீன் கிளைக்காலுக்கான அளவுகோலில் படித்தால் எண் தவறாகும். மைனஸ் 40-க்கு அட்டவணை ஏறக்குறைய 1,200 கிராம் கேட்கிறது. அந்தக் குளிரில் நான் எதையும் ஓட்டியதில்லை என்பதால், அந்த எண்ணை அட்டவணையின் பொறுப்பில்தான் தருகிறேன்.