மோலுக்கு முன் இரண்டு நிமிடம்: டஜனா, அரிசியா, ஆணியா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடத்துக்கு வரும்போது, அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பலர் ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள். அந்த இடம் மோல். அணு கண்ணுக்குத் தெரியாது. அதன் எண்ணிக்கை மனதில் அடங்காது. அந்த எண்ணிக்கையைக் கிராமோடு சேர்த்துக் கணக்குப் போடு என்கிறோம். வரையறையைப் பலகையில் எழுதிவிட்டு அப்புறம் விளக்கினால், பாதி வகுப்பு எழுதிக்கொள்வதோடு சரி.

அதனால்தான் பாடக்குறிப்பில் 'ஆர்வமூட்டல்' என்று ஒரு வரி எழுதுகிறோம். சாக்பீஸைத் தொடாமல் இரண்டு நிமிடம் வாயால் பேசி, வரப்போகும் கருத்துக்குக் கையால் தொடக்கூடிய ஒரு உருவம் கொடுக்க வேண்டும். மோலுக்கு இதை மூன்று விதமாகச் செய்யலாம்: டஜனைச் சொல்லித் தொடங்குவது, பிரம்மாண்டமான எண்ணைச் சொல்லித் தொடங்குவது, ஆணிக் கடையைச் சொல்லித் தொடங்குவது. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் வகுப்பில் பேசிப் பார்த்திருக்கிறேன். எது வேலை செய்தது என்று பார்க்க ஒரே கேள்வியைத்தான் வைத்திருந்தேன். பாடம் முடிந்ததும் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்வேன்: "12 கிராம் கார்பன், 12 கிராம் மக்னீசியம். எதில் அணுக்கள் அதிகம்?"

விடை கார்பன். ஒரு மக்னீசியம் அணு ஒரு கார்பன் அணுவைப் போல இரண்டு மடங்கு கனமானது. அதனால் அதே 12 கிராமில் மக்னீசியம் அணுக்கள் பாதிதான் இருக்கும். மோல் புரிந்தவருக்கு இதற்குச் சூத்திரம் வேண்டாம். புரியாதவர் சூத்திரம் தெரிந்தாலும் தடுமாறுவார்.

முதலில் டஜன். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் தொடங்குகிறோம், நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் தொடங்கினேன். "ஒரு டஜன் வாழைப்பழம்னா எத்தனை? பன்னிரண்டு. ஒரு ஜோடி செருப்புன்னா? ரெண்டு. அதே மாதிரி ஒரு மோல் அணுன்னா 6.022 × 10²³." அரை நிமிடத்தில் முடிந்துவிடும், யாரும் குழம்ப மாட்டார்கள். மோல் என்பது ஒரு எண்ணிக்கையின் பெயர் என்பது அழுத்தமாகப் பதியும். அது உண்மையும்கூட.

ஆனால் டஜனை நாம் எண்ணித்தான் எடுக்கிறோம். மோலை யாரும் எண்ணி எடுப்பதில்லை. அந்த வேறுபாட்டில்தான் பாடத்தின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது, அங்கே டஜன் துணைக்கு வருவதில்லை. ஒரு முறை பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், டஜன்னா பன்னிரண்டு, முழு எண். மோலுக்கு மட்டும் ஏன் இப்படிப் பாதியில நிக்கிற எண்ணு? பத்தோட அடுக்கா வெச்சிருக்கலாமே?" நல்ல கேள்வி. நான் சொன்ன உவமையில் அதற்குப் பதிலே இல்லை. விஞ்ஞானிகள் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று மழுப்பினேன், அது இன்றும் உறுத்துகிறது. அன்று துண்டுச் சீட்டுகளில் பாதிக்கு மேல் "இரண்டும் 12 கிராம், அதனால் சமம்" என்றுதான் வந்தது. மோல் ஒரு எண் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு, அந்த எண்ணுக்கும் தராசுக்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை.

அடுத்தது பிரம்மாண்டம். "ஒரு மோல் ரூபாயை உலகத்துல இருக்கிற எண்ணூறு கோடிப் பேருக்கும் சமமாப் பங்கு போட்டா, ஆளுக்கு எழுபத்தைந்து லட்சம் கோடி ரூபாய் வரும்." அல்லது அரிசி. ஒரு அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மோல் அரிசியை விளைவிக்க, இன்றைய உலக விளைச்சல் அப்படியே தொடர்ந்தாலும் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வகுப்பு வாயைப் பிளந்து கேட்கும். தூங்கிக்கொண்டிருந்தவனும் நிமிர்ந்து உட்காருவான். கேட்கிறவர் முகத்தை வைத்து மதிப்பிட்டால் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால் அந்த வியப்பு எண்ணோடு நின்றுவிடுகிறது. அடுத்த நாள் வீட்டுப்பாடத்தில் "1 மோல் = 6.022 × 10²³ கிராம்" என்று எழுதி வந்தவர்களைப் பார்த்தேன். மோல் என்றால் 'ரொம்பப் பெரியது' என்றுதான் அவர்கள் மனதில் நின்றிருக்கிறது, எது பெரியது என்பது நழுவிவிட்டது. இன்னொன்றும் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து மிரளும் பிள்ளைகளுக்கு நாமே முதல் நிமிடத்தில் அதைப் பூதாகரமாக்கிக் காட்டுகிறோம்.

இதை நான் முற்றாக விடவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டேன். கணக்குப் போடத் தெரிந்த பிறகு, பாடத்தின் கடைசியில், தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து மூடியில் மூன்று நான்கு முறை ஊற்றிக் காட்டி, "இந்த 18 மில்லி தண்ணிதான் ஒரு மோல், ஒரு மடக்கு" என்று சொல்லிவிட்டு அரிசிக் கணக்கைச் சொல்வேன். அப்போது ஆச்சரியம் அணு எவ்வளவு சிறியது என்பதன் பக்கம் திரும்புகிறது. தொடக்கத்தில் சொன்னால் அப்படித் திரும்புவதில்லை.

இப்போது ஆணி. நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஒன்றரை அங்குல ஆணி ஒன்று, இரண்டு அங்குல ஆணி ஒன்று, இரண்டை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஹார்டுவேர் கடையில ஒருத்தர் வந்து, 'அண்ணே, இந்தச் சின்ன ஆணி ஆயிரம் வேணும்'னு கேக்கறார். கடைக்காரர் உக்காந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவாரா? மாட்டார். தராசுல போடுவார். இந்த ஆணி ஒண்ணு ஒரு கிராம்னு வெச்சுக்கோங்க. ஆயிரம் ஆணிக்கு ஒரு கிலோ நிறுத்துக் குடுத்துடுவார். ஒரு ஆணியக்கூட எண்ணல, ஆனா ஆயிரம் ஆணி பைக்குள்ள வந்துடுச்சு. சரி, 'இந்தப் பெரிய ஆணியிலயும் ஆயிரம் குடுங்க'ங்கறார். பெரியது ஒண்ணு ரெண்டு கிராம். எவ்வளவு நிறுப்பார்?"

"ரெண்டு கிலோ" என்று வகுப்பே சொல்லும். இங்கே குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன்.

"இப்ப ஒரு ஆணி எத்தனை கிராம்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெரியது சின்னதை மாதிரி ரெண்டு மடங்கு கனம்னு மட்டும் தெரியும். ஒரு பையில 12 கிராம் சின்ன ஆணி. இன்னொரு பையில 24 கிராம் பெரிய ஆணி. எந்தப் பையில ஆணி அதிகம்?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். பத்து விநாடியாவது. இந்த இடத்தில் அவசரப்பட்டு நாமே விடையைச் சொல்லிவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் வீண். முதலில் "பெரிய ஆணி" என்று ஒரு குரல் வரும். "எடை தெரியாம எப்படி சார் சொல்றது?" என்று இன்னொன்று வரும். அப்புறம் எங்கிருந்தோ ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி, "ரெண்டும் சமம்தானே சார்?" என்று கேட்கும். ஏன் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லட்டும்.

இதற்குப் பிறகு பலகையில் நான் எழுதும் முதல் வரி: கார்பன் 12, மக்னீசியம் 24. ஒப்பு அணு நிறை ஏற்கெனவே படித்ததுதான். 12 கிராம் கார்பனையும் 24 கிராம் மக்னீசியத்தையும் எடுத்தால் இரண்டிலும் அணுக்கள் ஒரே எண்ணிக்கைதான் என்பதை ஆணிப் பையை வைத்து அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தப் பொது எண்ணிக்கைக்குத்தான் மோல் என்று பெயர் என்பது மூன்றாவது வரி. அது எத்தனை என்பது அதற்கும் அப்புறம்.

பின்வரிசை மாணவியின் கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு நிறையைத் தேடவில்லை. கார்பன்–12ஐ 12 கிராம் என்று நிறையை முதலில் வைத்துக்கொண்டார்கள், அதில் எத்தனை அணு இருக்கிறதோ அதுவே மோல் ஆனது. அதனால்தான் அது முழுசாக நிற்காத எண். 2019 மே 20 முதல் வரையறை மாறி, 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலைநிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த எண் அப்படி இருப்பதற்குக் காரணம் பழைய 12 கிராம்தான்.

வரலாறும் ஆணிக் கடையின் வரிசையில்தான் போயிருக்கிறது. டால்டன் காலத்திலிருந்தே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு அணு இன்னொன்றைப் போல எத்தனை மடங்கு கனம் என்று கணக்கிட்டு வந்தார்கள். தனி அணுவின் எடை யாருக்கும் தெரியாது. அவகாட்ரோ தன் கருதுகோளைச் சொன்னது 1811இல். 1856இல் அவர் இறக்கும்போதும், இன்று அவர் பெயரில் வழங்கும் எண் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆஸ்திரிய விஞ்ஞானி லோஷ்மிட் 1865இல்தான் மூலக்கூறின் அளவை முதன்முதலில் மதிப்பிட்டார், அந்த எண்ணுக்கு அவகாட்ரோ பெயரைப் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரென் சூட்டியது 1909இல். எண்ணை முதல் நிமிடத்தில் சொல்லாமல் தள்ளிவைக்க எனக்குத் தைரியம் கொடுத்ததே இந்த வரிசைதான்.

ஆணியிலும் குறை உண்டு. முக்கியமானது, பெரிய ஆணிதான் கனமான ஆணி என்று பார்க்கிற பிள்ளை, அணுவிலும் பெரியதுதான் கனமானது என்று நினைத்துக்கொள்ளும். சோடியம் அணு இரும்பு அணுவைவிடப் பெரியது, ஆனால் சோடியம் 23, இரும்பு 56. இதை அன்றைக்கே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு குறை, ஆணி எடைக்கு விற்கப்படுவதே தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் "ஆணி வாங்கப் போயிருக்கீங்களா?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வகுப்பில் நான்கு கைகள்தான் உயர்ந்தன. அன்று அந்த நான்கு பேரையே கடைக்காரராக்கிச் சொல்ல வைத்தேன், வழக்கத்தைவிட நன்றாகவே போனது. தராசைக் கொண்டுபோய் நிறுத்தும் காட்டலாமே என்று தோன்றும். ஒரு முறை செய்து பார்த்தேன். பதினைந்து நிமிடம் போனது, கவனம் தராசின் மேல் போய்விட்டது. அதை மறுநாள் செய்முறையாக வைத்துக்கொள்ளலாம்.

துண்டுச் சீட்டில் இப்போதும் தவறான விடைகள் வருகின்றன. ஆனால் தவறின் வகை மாறியிருக்கிறது. "சமம்" என்று எழுதுவோர் மிகக் குறைவு. "கார்பன், இரண்டு மடங்கு" என்று எழுத வேண்டிய இடத்தில் "கார்பன், 12 அதிகம்" என்று எழுதுகிறார்கள். மடங்கு என்பதற்குப் பதிலாகக் கழித்தல் வந்துவிடுகிறது. இதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். அதே ஆணிப் பையைத் திரும்பக் காட்டி, "சின்ன ஆணி 12 கிராம், பெரிய ஆணி 12 கிராம், இப்ப?" என்று கேட்டால் போதும்.

போன ஆண்டு அப்படிக் கேட்டபோது ஒரு பையன் எழுந்து, "சார், ஒரே பையில சின்னதும் பெரியதும் கலந்து கிடந்தா எப்படி நிறுத்து எண்றது?" என்றான். மூணு சின்னதுக்கு ஒரு பெரியது என்று கலவை எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் சராசரி எடையை வைத்து எண்ணலாமா என்று திருப்பிக் கேட்டேன். யோசித்துவிட்டு, எண்ணலாம் என்றான். குளோரினுக்கு ஏன் 35.5 என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதை அன்று அங்கிருந்துதான் தொடங்கினேன்.